நன்றாகத் தெரிந்த கண்ணில்தான் ஆபத்து இருந்தது: கேமரா வண்டியில் கண் பரிசோதனை

"தம்பி, வலது கண்ணுதான் மங்கலா இருக்கு. இடது கண்ணு நல்லா தெரியுது, அதை விட்டுடுங்க."

கண் பரிசோதனை வண்டிக்குள் ஏறியதும் அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை இது. 52 வயது. சர்க்கரை நோய் கண்டுபிடித்து 11 வருடம் ஆகிறது, மாத்திரை சாப்பிடுகிறார். இதுவரை யாரும் அவருடைய விழித்திரையைப் பார்த்ததில்லை. நான் அந்த வண்டியில் கேமரா பிடிப்பவன், மருத்துவன் இல்லை. மருத்துவர் எங்கோ தூரத்தில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். நான் எடுக்கும் படத்தைப் பார்த்துத்தான் அவர் முடிவு சொல்வார். அந்த அம்மாவின் கதையை வைத்தே இந்த வண்டி என்ன செய்கிறது, எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்று சொல்லிவிடலாம்.

முதலில் ஒன்று. வண்டியில் நடப்பது முழுக் கண் பரிசோதனை இல்லை, சலித்தெடுப்பது. நூறு பேர் வந்தால் அவர்களில் யார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்று பிரிப்பதுதான் வேலை. இந்த வழியில் நிறைய நோய்களைத் தேடலாம் என்றாலும், இதற்குக் கச்சிதமாகப் பொருந்துவது சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு. வலிக்காது, சிவக்காது, பல நேரம் பார்வையும் குறையாது. ஆனால் படத்தில் தெரியும். காலத்தோடு பிடித்தால் லேசரோ ஊசியோ வைத்துப் பார்வையைக் காப்பாற்றலாம். அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

படத்துக்கு முன்னால்

கேமராவுக்கு முன் அட்டை. 6 மீட்டர் தூரத்தில் எழுத்து அட்டை வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்வோம். வண்டிக்குள் 6 மீட்டர் இடம் எங்கே இருக்கும்? முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துத் தூரத்தை இரட்டிப்பாக்குவார்கள், இல்லையென்றால் 3 மீட்டர் தூரத்துக்கென்றே அச்சிட்ட அட்டை இருக்கும். அதுவும் இல்லாவிட்டால் வண்டிக்கு வெளியே மர நிழலில் நடக்கும்.

அந்த அம்மாவுக்கு இடது கண்ணில் 6/6, அதாவது முழுப் பார்வை. வலது கண்ணில் 6/36. சாதாரணக் கண் 36 மீட்டரில் நின்று படிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறது என்று பொருள்.

அடுத்தது ஓட்டைத் தட்டு. பின்ஹோல் என்று சொல்வார்கள். கறுப்புத் தட்டில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். அதன் வழியாகப் பார்க்கும்போது பார்வை தெளிந்தால் குறை பெரும்பாலும் கண்ணாடிப் பவரில் இருக்கிறது. கண்ணாடி மாற்றினால் போதும். தெளியவில்லை என்றால் கண்ணுக்குள் ஏதோ கோளாறு: லென்ஸில் புரை இருக்கலாம், விழித்திரையில் இருக்கலாம், நரம்பில் இருக்கலாம். எளிமையான அந்தத் தட்டு, வண்டிக்கு வருபவர்களில் ஒரு பெரும்பங்கை அங்கேயே பிரித்துவிடும். அந்த அம்மாவுக்கு ஓட்டை வழியாகப் பார்த்தும் 6/36தான்.

சரி, வலது கண்ணில் கோளாறு உறுதி. இடது கண்? பார்வையை மட்டும் பார்த்து முடிவு செய்வதாக இருந்தால் அவர் சொன்னபடி விட்டுவிட்டிருக்கலாம்.

கேமரா எப்படிப் பார்க்கிறது

விழித்திரை கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். கேமராவில் பிலிம் இருக்கும் இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்க ஒரே வாசல் கண்மணி, கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம். பிரச்சினை என்னவென்றால், உள்ளே இருட்டு. வெளிச்சம் போவதும் அந்த வாசல் வழியாகத்தான், படம் திரும்பி வருவதும் அதே வாசல் வழியாகத்தான். இரண்டும் மோதிக்கொண்டால் படத்தில் வெறும் வெளுப்புதான் மிஞ்சும். அதனால் விழித்திரைக் கேமரா ஒரு தந்திரம் செய்கிறது. வெளிச்சத்தை வளையம் போல ஆக்கிக் கண்மணியின் ஓரம் வழியாக உள்ளே அனுப்புகிறது, நடுப்பகுதி வழியாகப் படத்தை வாங்கிக்கொள்கிறது.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் வண்டியில் நடக்கும் முக்கால்வாசிக் கோளாறும் புரிந்துவிடும். கண்மணி ஏறக்குறைய 4 மில்லிமீட்டராவது விரிந்திருக்க வேண்டும். சிறுத்திருந்தால் வளைய வெளிச்சம் ஓரத்தில் முட்டித் திரும்பி, படத்தின் விளிம்பில் நிழலாகவோ புகைமூட்டமாகவோ வந்து நிற்கும். அதனால்தான் வண்டிக்குள் கறுப்புத் திரை போட்டு, ஐந்து நிமிடம் இருட்டில் உட்கார வைக்கிறோம். "கரண்டு போயிடுச்சா?" என்று கேட்காதவர்கள் குறைவு.

நாங்கள் குறிபார்ப்பது அகச்சிவப்பு வெளிச்சத்தில். அது கண்ணுக்குத் தெரியாது, கண்மணியும் சுருங்காது. நாடியையும் நெற்றியையும் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொல்லி, எல்லாம் நேரான பிறகு ஒரே ஒரு பிளாஷ். அந்தப் பிளாஷ் பட்டதும் கண்மணி சுருங்கும். ஒரு கண்ணில் பட்டாலும் இரண்டு கண்களும் சேர்ந்தே சுருங்கும். உடனே அடுத்த கண்ணை எடுக்கப் போனால் படம் கெட்டுவிடும். சில நிமிடம் பொறுக்க வேண்டும். வெளியே வரிசை நீளும்போது அந்தச் சில நிமிடத்தைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். புதிதாக வேலைக்கு வருபவர்களின் இரண்டாவது கண் படங்கள் எப்போதும் முதல் கண்ணைவிட மோசமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒவ்வொரு கண்ணுக்கும் குறைந்தது இரண்டு படம். ஒன்று, கூர்மையான பார்வைக்குக் காரணமான மாக்குலாவை நடுவில் வைத்து. இன்னொன்று, பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தட்டை நடுவில் வைத்து. சாதாரணமாக ஒரு படம் 45 டிகிரி கோணத்தைப் பிடிக்கும், விழித்திரையில் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் அகலம். அதற்கு வெளியே இன்னும் நிறைய விழித்திரை இருக்கிறது. அதை இந்தக் கேமரா பார்ப்பதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

இன்னொரு சின்ன விஷயம். வலது கண்ணின் படத்தில், மாக்குலா நடுவில் இருக்கும்போது நரம்புத்தட்டு படத்தின் வலது பக்கம் இருக்கும். இடது கண் என்றால் இடது பக்கம். பெயர்ச்சீட்டில் கண் மாறிவிட்டால் படத்தைப் படிப்பவர் இதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். லேசர் வைக்கப் போகிற கண் எது என்பதில் குழப்பம் வரக் கூடாது அல்லவா.

கறை எது, ரத்தம் எது

வண்டி குண்டும் குழியுமான பாதையில் ஓடி வந்து நிற்கும். தூசு கேமரா லென்ஸில் படியும். அந்தத் தூசு படத்தில் வட்டமான மங்கல் புள்ளியாக விழும், விழித்திரையில் கசிந்த ரத்தப் புள்ளி போலவே இருக்கும். எப்படிப் பிரிப்பது? அடுத்த ஆளின் படத்தைப் பாருங்கள். அதே மூலையில் அதே புள்ளி இருந்தால் அது கேமராவின் தூசு, யாருடைய கண்ணிலும் இல்லை. ஒரு நாள் வரிசையாக எட்டுப் பேரின் படத்தில் ஒரே இடத்தில் ரத்தம் இருப்பதைப் பார்த்து நான் வெலவெலத்துப் போனேன். ஒன்பதாவது ஆள் வருவதற்குள் லென்ஸைத் துடைத்தோம். எட்டுப் பேரையும் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

வண்டி நிற்கும்போதும் ஆடும். பிளாஷ் அடிக்கும் நேரம் பார்த்து யாராவது படியேறினால் படம் ஆடிவிடும். அதனால் தாங்கு ஜாக்கிகளை இறக்கி வண்டியை நிலைநிறுத்திய பிறகே கேமராவைத் திறப்போம். வாசலில் ஒருவரை நிற்க வைத்து, "இப்ப ஏறாதீங்க" என்று சொல்ல வைப்போம். தொழில்நுட்பம் என்றால் இதுவும் சேர்த்துத்தான்.

இடது கண்ணில் என்ன இருந்தது

சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தளர வைக்கிறது. முதலில் குழாய்ச் சுவர் அங்கங்கே சிறு குமிழாகப் புடைக்கும். படத்தில் இது குண்டூசி முனை போன்ற சிவப்புப் புள்ளி. புடைத்த இடம் கசிந்தால் கொஞ்சம் பெரிய ரத்தத் திட்டு. ரத்த நீரோடு கொழுப்பும் கசிந்து படிந்தால் பளிச்சென்ற மஞ்சள் துகள்கள். ரத்த ஓட்டம் அடைபட்ட நரம்பு இழைகள் வீங்கினால் பஞ்சு போன்ற வெள்ளைத் திட்டு.

இதுவரை உள்ள நிலைகளில் பெரும்பாலானவற்றில் அவசரம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் கட்டுக்குள் வைத்து, குறித்த காலத்தில் திரும்பப் படம் எடுத்தால் போதும். ஆனால் ரத்த ஓட்டம் நிறைய இடங்களில் அடைபட்டால் விழித்திரை மூச்சுத் திணறும். உடனே புதிய ரத்தக் குழாய்களை வளர்க்க ஆரம்பிக்கும். அவை உறுதியற்றவை, கோணல்மாணலானவை. ஒரு நாள் தும்மினால்கூட உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டலாம், பிறகு தழும்பாகிச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கலாம். உடையும் வரை பார்வை 6/6 ஆகவே இருக்கலாம்.

அந்த அம்மாவின் இடது கண்ணில் அதுதான் இருந்தது. நரம்புத்தட்டின் மேல் மெல்லிய சிவப்பு நூல்களைச் சிக்காக்கிப் போட்டது போல ஒரு கொத்து. இயல்பான குழாய் மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து வெளியே போகும். புதுக் குழாய் அப்படிப் போகாது. வளைந்து வந்த இடத்துக்கே திரும்பும், தன்னையே குறுக்கே வெட்டிக்கொள்ளும். படத்தில் சிவப்பைக் கழித்துப் பச்சை ஒளியை மட்டும் வைத்துப் பார்த்தால் ரத்தமெல்லாம் கறுப்பாகத் தெரியும். அப்படிப் பார்த்தபோது அந்தக் கொத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, அது மருத்துவரின் வேலை. ஆனால் அந்தப் படத்துக்கு "அவசரம்" என்று குறியிட்டு வரிசையில் மேலே அனுப்பலாம். அப்படித்தான் செய்தேன்.

வலது கண்ணின் மூடுபனி

வலது கண் படம் ஒரே மூடுபனி. முதலில் சந்தேகப்பட வேண்டியது என் வேலையைத்தான். தூரம் தப்பா, கண்மணி சிறியதா, இமைமயிர் குறுக்கே வந்ததா? மூன்று தடவை எடுத்தும் அப்படியே இருந்ததால் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட வேண்டும். ட்ரோபிகாமைடு என்று பெயர். போட்டு 20 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்புறம் சில மணி நேரத்துக்குக் கிட்டத்துப் பார்வை மங்கும், வெயில் கூசும். அன்று வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்புவோம். சிலருக்குக் கண்ணின் முன்னறை ஆழம் குறைவாக இருக்கும். அவர்களுக்குச் சொட்டு போட்டால் அரிதாகக் கண் அழுத்தம் திடீரென ஏறி, கடுமையான வலி வரலாம். அதனால் போடுவதற்கு முன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து நிழல் விழுகிறதா என்று பார்ப்போம். சந்தேகம் இருந்தால் போடுவதில்லை.

சொட்டு போட்டும் அந்த அம்மாவின் வலது கண் தெளியவில்லை. டார்ச்சில் கண்மணிக்குள் பழுப்புச் சாம்பல் நிறம் தெரிந்தது. புரை. லென்ஸ் கலங்கியிருந்தால் கேமராவுக்கும் வழி அடைபடுகிறது. முன்பக்கத்தைத் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

இங்கேதான் இந்த முறையின் மிக முக்கியமான விதி வருகிறது. படிக்க முடியாத படத்தை "கோளாறு இல்லை" என்று எழுதக் கூடாது. "படிக்க முடியவில்லை" என்பதே ஒரு முடிவு, அந்த ஆளைக் கட்டாயம் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். புரை, கண்ணுக்குள் ரத்தம், கருவிழித் தழும்பு என்று படம் மங்குவதற்கான காரணங்கள் பலவும் தாமே நோய்கள். அதாவது, நன்றாகப் படம் வராத கண்களில் நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஒரு வண்டி எவ்வளவு நேர்மையாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், எத்தனை நோய் பிடித்தார்கள் என்று கேட்பதைவிட, படிக்க முடியாத படங்களை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

படம் ஒரு வழி, பேச்சு ஒரு வழி

பலர் நினைப்பது, மருத்துவர் வீடியோவில் கண்ணைப் பார்த்து நோயைச் சொல்கிறார் என்று. விழித்திரை விஷயத்தில் அப்படி இல்லை. வீடியோ பேசுவதற்கு. நோய் தெரிவது அசையாத படத்தில்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 13 மில்லிமீட்டர் அகலத்தை 2,600 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி 5 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு. 50 மைக்ரான் அளவுள்ள ஒரு குமிழ் படத்தில் பத்துப் புள்ளி அகலத்தில் தெளிவாகத் தெரியும். அதே படத்தை அரட்டைச் செயலி வழியாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். அகலம் 800 புள்ளி ஆகிவிட்டால் அந்தக் குமிழுக்கு மூன்று புள்ளிதான் மிஞ்சும், கூடவே சுருக்கத்தின் பிசிறும் சேரும். ஆரம்ப நோய் காணாமல் போய்விடும். ஓடும் வீடியோவில் இன்னும் மோசம். அதனால் படங்களைச் சுருக்காமல் முழு அளவில் அனுப்ப வேண்டும். ஒருவருக்கு நாலு படம், படத்துக்கு 3 மெகாபைட் என்றால் 12 மெகாபைட். வினாடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைத்தால் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். அதுவும் கிடைக்காத இடத்தில் வண்டியிலேயே சேமித்து, சாயங்காலம் இணைப்பு கிடைக்கும் ஊருக்கு வந்ததும் அனுப்புவோம்.

2003-ல் சென்னையின் சங்கர நேத்ராலயா இந்த மாதிரி வண்டியைக் கிராமங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தபோது, இஸ்ரோ உதவியோடு செயற்கைக்கோள் வழியாக இணைப்பு வாங்கினார்கள். இப்போது பெரும்பாலான இடங்களில் செல்போன் இணைப்பு போதும். ஆனாலும் சாயங்காலம் அனுப்பும் முறையில் ஒரு சங்கடம் உண்டு. முடிவு வரும்போது ஆள் வீட்டில் இருப்பார். "உங்களுக்குக் கண்ணில் கோளாறு" என்று மறுநாள் போனில் சொன்னால், நன்றாகத் தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு யார் பஸ் ஏறிப் போவார்கள்?

அந்த அம்மாவுக்கு அன்று இணைப்பு கிடைத்தது. மருத்துவர் திரையில் வந்தார்.

"அம்மா, உங்க வலது கண்ணுல புரை இருக்கு. ஆபரேஷன் பண்ணலாம், ஆனா அது அவசரமில்லை. இடது கண்ணுக்குத்தான் உடனே வரணும்."

"டாக்டர், அந்தக் கண்ணு நல்லா தெரியுதே?"

"தெரியுது. இப்ப படத்தைப் பாருங்க." தன் திரையில் இருந்த படத்தை எங்கள் திரைக்கு அனுப்பி, அந்தச் சிவப்பு நூல்கொத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இது இருக்கக் கூடாத குழாய். இது உடைஞ்சா இந்தக் கண்ணும் மறைச்சுடும். அப்ப ரெண்டு கண்ணுமே தெரியாது."

அந்த அம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்ப வரணும்?" என்று கேட்டார். வீடியோவுக்குச் செலவிடும் இணைப்பும் மின்சாரமும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

புதுக் குழாய் வளர்ந்த கண்ணை ஒரு மாதத்துக்குள் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. நரம்புத்தட்டின் மேலேயே வளர்ந்திருந்தால் அவ்வளவு நாள்கூடப் பொறுக்க மாட்டார்கள். இவருக்கு ஒரு வாரம் குறித்தார். அங்கே வைக்கும் லேசர், மாக்குலாவைத் தொடாமல் சுற்றியுள்ள விழித்திரையில் நூற்றுக்கணக்கான சிறு சூட்டுப் புள்ளிகளை இடும். ஆக்ஸிஜன் கேட்கும் பகுதி குறைந்ததும் புதுக் குழாய்கள் வாடிவிடும். 1970-களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, இந்த லேசர் கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது. அதற்குப் பிறகுதான், வெளியே தெரியாத நோயைத் தேடிப் போவதில் அர்த்தம் வந்தது. இங்கிலாந்தில் சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் முறையாகக் கண் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்குப் பல பத்தாண்டுகளாக முதல் காரணமாக இருந்த இந்த நோய் அந்த இடத்திலிருந்து இறங்கியதை 2014-ல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது.

படத்தில் அரைகுறையாகத் தெரிபவை

மாக்குலா வீக்கம் கொஞ்சம் தந்திரமானது. வீக்கம் என்பது தடிமன், படமோ தட்டையானது. மேலிருந்து எடுத்த போட்டோவில் மெத்தை எவ்வளவு தடிமன் என்று தெரியாதே, அது மாதிரி. மாக்குலாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் துகள்கள் இருந்தாலோ, பார்வை குறைந்திருந்தாலோ வீக்கம் இருக்கலாம் என்று ஊகித்து அனுப்புவோம். உறுதி செய்வது ஓசிடி ஸ்கேன். அது விழித்திரையைக் குறுக்காக வெட்டிய மாதிரி காட்டும். சில வண்டிகளில் ஓசிடி கருவியே வருகிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் இல்லை.

கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா, இன்னும் தந்திரமானது. நரம்புத்தட்டின் நடுவில் இயல்பாகவே ஒரு குழி உண்டு. நோய் முற்ற முற்ற அந்தக் குழி அகலும். தட்டின் அகலத்தில் குழி பத்தில் மூன்று பங்கு இருந்தால் சாதாரணம், ஏழு பங்கு என்றால் சந்தேகம். ஆனால் பிறவியிலேயே பெரிய குழியோடு ஆரோக்கியமாக இருப்பவர்கள் உண்டு. சின்னக் குழியோடு நோய் இருப்பவர்களும் உண்டு. அதனால் ஒரு கண்ணைவிட மற்றக் கண்ணில் குழி தெளிவாகப் பெரிதாக இருக்கிறதா, குழியைச் சுற்றியுள்ள விளிம்பு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அழுத்தம் அளப்பதும் உதவும். 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் 21-க்குக் கீழே இருந்தும் நோய் உள்ளவர்கள் ஏராளம். ஆக, வண்டி கிளாக்கோமாவைப் பற்றிச் சொல்லக்கூடியது "சந்தேகம்" என்ற ஒரு வார்த்தைதான். பக்கப் பார்வைப் பரிசோதனை செய்த பிறகுதான் உறுதி. வண்டியில் "அழுத்தம் நார்மல்" என்று கேட்டுவிட்டு, தனக்கு கிளாக்கோமாவே இல்லை என்று வீட்டுக்குப் போய்விடுபவர்களை நினைத்தால் எனக்குக் கவலை.

புரைக்குக் கேமராவே தேவையில்லை என்று சொல்லலாம். டார்ச், பார்வை அட்டை, ஓட்டைத் தட்டு போதும். கண் சிவந்து வலியோடு வருபவர்களுக்கு நேரடி வீடியோ உதவும். கருவிழியில் வெள்ளைப் புண் இருந்தால் முன்பக்கப் படத்திலேயே தெரியும். ஆனால் கிருமி எது என்று சுரண்டி எடுத்து ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த 45 டிகிரிக்கு வருவோம். விழித்திரை கிழிவது பெரும்பாலும் ஓரத்தில், எங்கள் படத்துக்கு வெளியே. திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போல இருக்கிறது, கறுப்புப் புள்ளிகள் மழையாகப் பறக்கின்றன, ஒரு பக்கத்தில் திரை விழுந்த மாதிரி இருக்கிறது என்று ஒருவர் வந்தால், படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வோம். அவர் வண்டி வரும் நாளுக்காகக் காத்திருந்திருக்கவே கூடாது.

சீட்டில் எழுதியது

அந்த அம்மாவிடம் கொடுத்த சீட்டில் இரண்டு வரி இருந்தது. "இடது: நரம்புத்தட்டில் புதுக் குழாய்கள், ஒரு வாரத்துக்குள்." "வலது: புரை, விழித்திரைப் படம் படிக்க முடியவில்லை." இரண்டாவது வரியின் பின்பகுதி முக்கியம். வெறும் "புரை" என்று எழுதியிருந்தால் அறுவை செய்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் தலையில் விளக்கு மாட்டி, கையில் லென்ஸ் பிடித்துப் பார்ப்பார். எங்கள் கேமரா தோற்றுப்போகும் மூடுபனியிலும் அந்த முறையில் ஓரளவு உள்ளே தெரியும். ஓரம் வரையும் பார்க்கலாம். ஒன்றுமே தெரியாவிட்டால் கண்ணுக்கு ஒலி அலை ஸ்கேன் எடுப்பார்கள். அப்படிப் பார்த்ததில் வலது கண்ணிலும் ரத்தத் திட்டுகள் இருந்தன. இடது கண்ணுக்கு முதலில் லேசர், சில அமர்வுகளாக. வலது கண்ணின் புரையை அதற்குப் பிறகு எடுத்தார்கள்.

அடுத்த வருடம் வண்டி அதே இடத்துக்குப் போனபோது அவர் திரும்ப வந்தார். இந்தத் தடவை வலது கண் படம் முதல் பிளாஷிலேயே தெளிவாக விழுந்தது. விழித்திரை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், மாக்குலா ஓரத்தில் மஞ்சள் துகள்கள். அறுவைக்குப் பின்னும் பார்வை 6/12-க்கு மேல் ஏறாததற்கு அது காரணமாக இருக்கலாம். "படத்துல என்ன தம்பி தெரியுது?" என்று கேட்டார். டாக்டர் இப்போ வருவார், அவரே சொல்லுவார் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, இடது கண்ணையும் தாமாகவே நாடித் தாங்கிக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார். சில நிமிடம் பொறுக்கச் சொன்னேன். கண்மணி இன்னும் விரியவில்லை.